ஒரே எண், இரண்டு செல்கள்: 4ஜி வலையமைப்பில் பிசிஐ திட்டமிடல்

ஒரு செல்போன் டவரின் உச்சியில் வழக்கமாக மூன்று திசைகளை நோக்கி ஆண்டெனாக்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு திசையிலும் அந்த ஆண்டெனா ஆளும் பரப்பு ஒரு செல். 4ஜி வலையமைப்பில் ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. முதலாவது நீளமானது. எந்த நாடு, எந்த நிறுவனம் என்ற குறியீட்டோடு 28 பிட் நீளமுள்ள எண் ஒன்று சேர்ந்து அமைவது. உலகில் வேறெந்தச் செல்லுக்கும் அதே அடையாளம் இராது. இரண்டாவது மிகக் குறுகியது. 0 முதல் 503 வரையிலான ஓர் எண், அவ்வளவுதான். பௌதிகச் செல் அடையாளம் எனப்படும் இதைத் தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் பிசிஐ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

மொத்தம் 504 எண்கள்தாம் இருக்கின்றன. பெருநகரம் ஒன்றில் மட்டுமே ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கின்றன. ஆகவே ஒரே எண்ணைப் பல செல்களுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தே ஆக வேண்டும். எந்த எண்ணை எங்கே மறுபடி பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்வதுதான் பிசிஐ திட்டமிடல். அதில் பிழை நேர்ந்தால் சிக்னல் பலமாக இருக்கும் இடத்திலேயே அழைப்பு அறுந்துபோகும்.

குறுகிய எண் எதற்கு?

தனித்த அடையாளம் ஒன்று இருக்கும்போது குறுகிய எண் எதற்கு என்ற கேள்வி எழலாம். வேகம்தான் காரணம். கைபேசி ஒரு செல்லோடு இணைந்திருக்கும்போதே சுற்றியுள்ள மற்ற செல்களின் பலத்தையும் இடைவிடாமல் அளந்துகொண்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றின் முழு அடையாளத்தையும் படிக்க வேண்டுமென்றால், அந்தச் செல் ஒலிபரப்பும் தகவல் தொகுதியைப் பிடித்துப் பிழையின்றிப் பிரித்தறிய வேண்டும். அதுவரை தான் இணைந்திருக்கும் செல்லைக் கைபேசியால் சரியாகக் கவனிக்க முடியாது.

குறுகிய எண்ணுக்கு இந்தச் சிரமம் இல்லை. 4ஜி செல் ஒவ்வொன்றும் 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை இரண்டு ஒத்திசைவுச் சிக்னல்களை அனுப்புகிறது. முதன்மைச் சிக்னலில் 3 வகைகள், துணைச் சிக்னலில் 168 வகைகள். எந்த வகை வந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தாலே கைபேசிக்கு எண் தெரிந்துவிடும்:

`PCI = 3 × N1 + N2`

இதில் N1 என்பது 0 முதல் 167 வரை, N2 என்பது 0 முதல் 2 வரை. துணைச் சிக்னல் 70 என்றும் முதன்மைச் சிக்னல் 1 என்றும் கேட்டால், அந்தச் செல்லின் பிசிஐ 211. 168 குழுக்கள், குழுவுக்கு 3 எண்கள் என்ற இந்த அமைப்பிலிருந்துதான் 504 என்ற எல்லையும் வருகிறது.

பிசிஐ வெறும் பெயர்ப்பலகையாக மட்டும் இருப்பதில்லை. செல் அனுப்பும் தரவைக் கலைத்து அனுப்பும் முறையும், அலையின் தரத்தைக் கைபேசி அளக்க உதவும் வழிகாட்டுச் சிக்னல்கள் எந்த இடத்தில் அமரும் என்பதும் இந்த எண்ணிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. ஆகவே எண்ணைத் தவறாகக் கொடுத்தால் அடையாளக் குழப்பத்தோடு ரேடியோ இணைப்பும் சேர்ந்து பழுதடையும்.

மோதல்

ஒரே அலைவரிசையில் இயங்கும், பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு செல்களுக்கு ஒரே பிசிஐ இருந்தால் அது மோதல். இரண்டும் கேட்கும் இடத்தில் நிற்கும் கைபேசிக்கு அவை இரண்டு செல்களாகவே தெரிவதில்லை. ஒத்திசைவுச் சிக்னல்களும் ஒன்று, வழிகாட்டுச் சிக்னல்களின் வடிவமும் ஒன்று. இரண்டு டவர்களின் அலைகளையும் சேர்த்து ஒரே செல்லின் அலை என்று எடுத்துக்கொண்டு கைபேசி கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கை வைத்துத் தரவைப் பிரிக்கப் பார்க்கும்போது பிழைமேல் பிழை வருகிறது.

கைபேசி ஒரு செல்லிலிருந்து மற்றதற்கு மாறவும் வழியில்லை. ‘பக்கத்தில் பலமான செல் ஒன்று கேட்கிறது’ என்று தெரிவிக்க வேண்டுமானால் அதன் எண் இப்போதுள்ள செல்லின் எண்ணிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். எண் ஒன்றாகவே இருந்தால் அறிக்கையே எழாது. கடைசியில் பழைய செல்லின் இணைப்பு அறுந்து, கைபேசி புதிதாக இணைய வேண்டியதாகிறது.

மோதலைக் கண்டறிவது அவ்வளவு கடினமில்லை. அளவைக் கருவியோடு வண்டியில் சுற்றிவரும் குழுவுக்கு, ஓரிடத்தில் சிக்னலின் பலம் மிக நன்றாகவும் தரம் மிக மோசமாகவும் தெரியும். அருகருகே உள்ள செல்களின் பட்டியலை எடுத்து எண்களை ஒப்பிட்டாலே உண்மை வெளிவந்துவிடும். ஓரளவு கவனமாகப் போடப்பட்ட திட்டத்தில் மோதல் அரிதாகவே நேரும்.

குழப்பம்

இரண்டாவது பிழை நுட்பமானது. ஒரே பிசிஐ கொண்ட இரண்டு செல்கள் ஒன்றையொன்று தொடவே தொடாமல் இருக்கலாம். ஆனால் மூன்றாவது செல் ஒன்றுக்கு அவை இரண்டுமே அண்டையாக இருந்தால், அந்த மூன்றாவது செல்லில் குழப்பம் பிறக்கிறது. ஓர் ஊரில் இரண்டு தெருக்களில் 12ஆம் எண் வீடு இருக்கும்போது தெருப்பெயர் இல்லாமல் ‘12ஆம் எண் வீட்டுக்கு’ என்று மட்டும் எழுதிய கடிதத்துக்கு நேரும் கதிதான் இங்கே கைபேசி இணைப்புக்கும் நேர்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். ஒரு நடுத்தர ஊரில் கடைத்தெருவை ஒட்டி ஒரு டவர் இருக்கிறது. அதில் வடகிழக்கு நோக்கிய செல்லை மையச் செல் என்று வைத்துக்கொள்வோம். வடக்கே 700 மீட்டர் தொலைவில் வடக்குச் செல் இருக்கிறது. அதன் பிசிஐ 211. இரண்டுக்கும் இடையே கைபேசிகள் பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி மாறி வருகின்றன. பிறகு, கிழக்கே 1.2 கிலோமீட்டர் தொலைவில் புறவழிச்சாலையை ஒட்டிப் புதிய டவர் ஒன்று எழுகிறது. அதன் ஒரு செல்லுக்கும் 211 என்ற எண் தரப்படுகிறது. வடக்குச் செல்லுக்கும் புதிய கிழக்குச் செல்லுக்கும் நடுவே ஒரு பாறைக்குன்று நிற்கிறது. ஒன்றின் அலை மற்றதன் பரப்பை எட்டுவதில்லை. இரண்டையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு எந்தத் தவறும் தெரியாது.

பேருந்தில் கிழக்கு நோக்கிப் போகும் ஒருவர் பேசிக்கொண்டே மையச் செல்லின் எல்லையை நெருங்குகிறார். அவருடைய கைபேசி கிழக்குச் செல்லின் அலையைக் கேட்கிறது. அது மையச் செல்லைவிட 3 டெசிபெல் பலமாகி, 320 மில்லி விநாடி அப்படியே நீடித்ததும், நிர்ணயித்த விதிப்படி கைபேசி ஓர் அறிக்கை அனுப்புகிறது. அதில் இருப்பது இரண்டே விவரங்கள்: பிசிஐ 211, அதன் பலம் இவ்வளவு.

மையச் செல்லை இயக்கும் நிலையம் தன் அண்டைப் பட்டியலைப் பார்க்கிறது. 211 என்ற எண்ணுக்கு நேரே வடக்குச் செல்லின் முழு அடையாளம் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே கைமாற்ற வேண்டுகோளை வடக்குச் செல்லுக்கு அனுப்புகிறது. வடக்குச் செல்லில் இடம் இருக்கிறது. அது ஒப்புக்கொண்டு, வரப்போகும் கைபேசிக்கான ஏற்பாடுகளைச் செய்துவைத்துப் பதில் அனுப்புகிறது. இதுவரை வலையமைப்பின் கணக்கில் எல்லாம் வெற்றி.

‘211க்கு மாறு’ என்ற கட்டளை கைபேசிக்கு வருகிறது. கைபேசியின் காதில் விழும் 211 கிழக்குச் செல்தான். அதனிடம் போய்க் கதவைத் தட்டுகிறது. ஆனால் இப்படி ஒரு கைபேசி வரப்போகிறது என்று கிழக்குச் செல்லுக்கு யாரும் சொல்லவில்லை. கைபேசி கொண்டுவரும் தற்காலிக எண்ணும் குறியாக்கச் சாவியும் வடக்குச் செல் ஏற்பாடு செய்தவை. கிழக்குச் செல்லுக்கு அவை எதுவும் பொருள்படாது. கைமாற்றத்துக்கென்று கொடுத்த நேர வரம்பு முடிந்ததும் கைபேசி தோல்வியை உணர்ந்து, இணைப்பை மீட்கக் கேட்கிறது. பலமாகக் கேட்பது கிழக்குச் செல்தான் என்பதால் அதனிடமே கேட்கிறது. இந்தக் கைபேசியின் விவரம் எதுவும் தன்னிடம் இல்லாத கிழக்குச் செல் பெரும்பாலும் மறுத்துவிடுகிறது. கைபேசி இணைப்பற்ற நிலைக்குப் போய், முதலிலிருந்து மறுபடி இணைகிறது. இணையத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தால் சற்றுத் தடைபடும். பேசிக்கொண்டிருந்தால் அழைப்பு அறுந்துவிடும். அதே நேரத்தில் வடக்குச் செல் வராத விருந்தாளிக்காக ஒதுக்கிய இடத்தைச் சிறிது நேரம் காலியாகவே வைத்திருக்கிறது.

எப்படித் தெரியும்?

இந்தப் பிழை புள்ளிவிவரத்தில் ஒரு தனி முத்திரையைப் பதிக்கிறது. கைமாற்றம் இரண்டு கட்டங்களில் எண்ணப்படுகிறது: இலக்குச் செல் ஒப்புக்கொண்டு ஏற்பாடு செய்வது முதல் கட்டம், கைபேசி உண்மையாகவே அங்கே போய்ச் சேர்வது இரண்டாவது கட்டம். இலக்குச் செல்லில் நெரிசல் என்றால் முதல் கட்டமே தோற்கும். குழப்பத்தில் முதல் கட்டம் ஏறக்குறைய முழுவதும் வெற்றி பெறும். இரண்டாவது கட்டத்தில் மட்டும் தோல்வி குவியும். நம் எடுத்துக்காட்டில், மையத்திலிருந்து வடக்குக்குப் போகும் கைமாற்றங்கள் புதிய டவர் இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து திடீரென்று சரிந்திருக்கும். வடக்கே உண்மையாகவே போகிறவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்வதால் தோல்வி முழுமையாகவும் இராது; ஒரு பகுதி மட்டுமே கெடும்.

இன்னொரு அடையாளம், கோளாறு ஒரு திசையில் மட்டும் இருப்பது. கிழக்கிலிருந்து மையத்துக்கு வருகிறவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. கிழக்குச் செல்லின் பட்டியலில் மையச் செல்லின் எண் ஒன்றுதான் இருக்கிறது. போகும்போது அறுபடும் அழைப்பு, திரும்பி வரும்போது அறுபடாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புள்ளிவிவரம் குற்றம் சாட்டுவது வடக்குச் செல்லை. பிழை நேர்ந்த இடமோ கிழக்குச் செல். வடக்கே குழுவை அனுப்பி ஆண்டெனாவைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். குழப்பம் என்பது இரண்டு செல்களுக்கு இடையில் நிகழும் பிழையல்ல. மூன்றாவது செல்லின் இடத்தில் நின்று பார்த்தால் மட்டுமே தெரியும் பிழை. அதனால்தான் திட்டத்தைச் சோதிக்கும்போது, செல்களை இரண்டிரண்டாக ஒப்பிடுவது போதாது. ஒவ்வொரு செல்லின் அண்டைப் பட்டியலையும் தனித்தனியே எடுத்து, அதே அலைவரிசையில் ஒரே எண் இருமுறை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரு நேரடி வழி இருக்கிறது. 211 என்று அறிக்கை தரும் கைபேசியிடம், ‘அந்தச் செல்லின் முழு அடையாளத்தைப் படித்துச் சொல்’ என்று மையச் செல் கேட்கலாம். முழு அடையாளம் அடங்கிய தகவல் தொகுதியை ஒவ்வொரு செல்லும் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. அதைப் பிடிக்கும் வரை கைபேசி தன் வழக்கமான வேலையைச் சிறிது நிறுத்திவைக்க வேண்டும். சில கைபேசிகள் வடக்குச் செல்லின் அடையாளத்தையும் சில கிழக்குச் செல்லின் அடையாளத்தையும் கொண்டுவந்தால் குழப்பம் நிரூபணமாகிவிட்டது.

எண்ணை மாற்றுவது

திருத்தம் எளிது என்று தோன்றும்: ஒரு செல்லின் எண்ணை மாற்றினால் போதும். எதை மாற்றுவது என்பதுதான் முதல் கேள்வி. வடக்குச் செல் பழையது. பல செல்களின் பட்டியலில் அதன் எண் பதிந்திருக்கிறது. கிழக்குச் செல் புதியது, உறவுகள் குறைவு. ஆகவே கிழக்குச் செல்லை மாற்றுவதே வழக்கம்.

கிழக்குச் செல்லுக்குப் புதிய எண் தேடும்போது மூன்று வட்டங்களைத் தாண்ட வேண்டும். அந்த எண் அதன் அண்டைச் செல் எதற்கும் இருக்கக் கூடாது. அந்த அண்டைகளின் மற்ற அண்டைகளுக்கும் இருக்கக் கூடாது. பழைய எண்ணை 3ஆல் வகுத்தால் வந்த மீதியே புதிய எண்ணுக்கும் வர வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் பார்க்கலாம். 211ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1. அந்த டவருக்கு 133ஆம் குழு கிடைக்குமானால் அதன் எண்கள் 399, 400, 401. இவற்றில் 400க்கு மீதி 1. அது கிழக்குச் செல்லுக்குப் பொருந்தும்.

பெரும்பாலான கருவிகளில் எண் மாற வேண்டுமானால் செல்லை நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும். அப்போது அதில் இருக்கும் இணைப்புகள் எல்லாம் அறும். அதனால் இந்த வேலையைப் பின்னிரவில் செய்கிறார்கள். புதிய எண், அண்டை நிலையங்களின் பட்டியல்களிலும் போய்ச் சேர வேண்டும். நிலையங்களுக்கு இடையே நேரடித் தொடர்பு இருந்தால் தகவல் தானாகப் போய்விடும். கையால் பதிந்த பட்டியல் ஒன்று எங்காவது திருத்தப்படாமல் நின்றால், அங்கிருந்து கிழக்குச் செல்லுக்குப் போகும் கைமாற்றங்கள் புதிதாகக் கெடும். ஒரு குழப்பத்தைத் தீர்க்கப்போய் இன்னொரு பிழையை விதைக்காமல் இருக்க, மாற்றியபின் ஓரிரு நாட்கள் சுற்றியுள்ள எல்லாச் செல்களின் கைமாற்றக் கணக்கையும் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

முதலிலேயே திட்டமிடுவது

இந்தத் தொல்லையெல்லாம் வராதபடி எண்களை முதலிலேயே பங்கிடுவது எப்படி? அடிப்படை அலகு டவர். மூன்று செல்கள் கொண்ட டவருக்கு 168 குழுக்களில் ஒரு குழுவை அப்படியே கொடுப்பது பரவலான வழக்கம். அதாவது 70ஆம் குழுவைப் பெற்ற டவரின் மூன்று செல்களுக்கும் 210, 211, 212 என்று எண்கள் அமையும்.

168 குழுக்களையும் உடனே செலவழித்துவிடுவதில்லை. கட்டடங்களின் உள்ளே வைக்கும் சிறு செல்களுக்கும் பின்னால் வரப்போகும் டவர்களுக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறார்கள். 48 குழுக்கள் அப்படி ஒதுக்கப்பட்டு 120 மிஞ்சுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் டவர்கள் 500 மீட்டருக்கு ஒன்றாகச் சீராக நிற்கின்றன என்றால், 120 டவர்கள் ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டரை நிரப்பும். அதன்பின் முதல் குழு மறுபடி வர வேண்டும். ஒரே எண் கொண்ட இரண்டு செல்களுக்கு இடையே ஏறக்குறைய 5.5 கிலோமீட்டர் இருக்கும்.

நடுவே பத்து டவர்கள் நிற்கும் தூரம் இது. போதும் என்றே தோன்றும். எல்லா டவர்களும் ஒரே உயரத்தில், சமதரையில் நின்றால் உண்மையிலேயே போதும். தேன்கூட்டு அறைகளைப் போலச் சீராக அமைந்த செல்களில், ஒன்றைத் தொடும் செல்கள் 6. அவற்றை அடுத்து நிற்பவை 12. இந்த 18 செல்களின் எண்களிலிருந்து மட்டும் வேறுபட்டிருந்தால் மோதலும் வராது, குழப்பமும் வராது. 504 எண்கள் இதற்குத் தாராளம்.

உண்மையான நிலம் சீராக இல்லை என்பதில்தான் சிக்கல். மலைச்சரிவில் நிற்கும் செல் கீழே உள்ள சமவெளி முழுவதையும் பார்க்கும். உயரமான கட்டடத்தின் மாடியில் நிற்கும் செல்லின் அலை, பக்கத்துத் தெருக்களைத் தாண்டிப் பல கிலோமீட்டர் அப்பால் போய் விழும். ஏரியும் கடலும் குறுக்கே வந்தால் தடுக்க எதுவும் இல்லாததால் அலை எதிர்க்கரை வரை போகும். இப்படி எல்லை மீறிப் போகும் செல்லுக்கு அண்டைகள் நாலாபக்கமும் பெருகும். அந்த அண்டைகளுக்குள் ஒரே எண் இருமுறை வரும் வாய்ப்பும் பெருகும். ஆகவே நல்ல திட்டம் வரைபடத்தில் உள்ள தூரத்தை மட்டும் நம்புவதில்லை. எந்தச் செல்லின் அலை எங்கெங்கே கேட்கிறது என்ற கணிப்பையும், உண்மையான கைபேசி அறிக்கைகளையும், இதுவரை நடந்த கைமாற்றங்களின் எண்ணிக்கையையும் கொண்டு உறவுப் பட்டியலை வரைகிறது. எண்களை அதன்மேல் பங்கிடுகிறது. மலைமேல் உள்ளவை போன்ற சிக்கலான செல்களுக்கு முதலில் எண் கொடுத்துவிட்டு, எளியவற்றைக் கடைசியில் எடுப்பது அனுபவத்தில் கண்ட நடைமுறை. எல்லை மீறும் செல்லின் ஆண்டெனாவைச் சற்றுக் கீழே சாய்த்தால் உறவுகளே குறையும். பல வேளைகளில் எண்ணை மாற்றுவதைவிட அதுவே சரியான மருந்து.

வேறு அலைவரிசையில் உள்ள செல்லுக்கு அதே எண் இருந்தால் தீங்கில்லை. கைபேசியின் அறிக்கை எந்த அலைவரிசையைப் பற்றியது என்று நிலையத்துக்குத் தெரியும். அதனால் ஒரே டவரில், ஒரே திசையில், இரண்டு அலைவரிசைகளில் இயங்கும் செல்களுக்குப் பல நிறுவனங்கள் ஒரே எண்ணையே கொடுக்கின்றன.

மூன்றால் வகுத்த மீதி

எண்கள் வெவ்வேறாக இருந்தாலும் இன்னொரு நயமான உரசல் உண்டு. பிசிஐயை 3ஆல் வகுத்தால் வரும் மீதிதான் முதன்மை ஒத்திசைவுச் சிக்னலின் வகை. இரண்டு செல்களுக்கு மீதி ஒன்றாக இருந்தால் அந்தச் சிக்னல் ஒன்றாகவே இருக்கும். இரண்டு ஆண்டெனா வாயில்கள் கொண்ட செல்களில் வழிகாட்டுச் சிக்னல்கள் அமரும் இடங்களும் இந்த மீதியைப் பொறுத்தே அமைகின்றன. மீதி ஒத்துப்போய், இரண்டு செல்களும் நேரத்தால் ஒத்திசைந்தும் இருந்தால், ஒன்றின் வழிகாட்டுச் சிக்னல் மற்றதன் வழிகாட்டுச் சிக்னல்மேல் நேராக விழும். கைபேசி அளக்கும் தரம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

ஒரு டவரின் மூன்று செல்களுக்கும் ஒரே குழுவின் மூன்று எண்களைக் கொடுப்பதன் நியாயம் இதுதான்: மீதி தானாகவே 0, 1, 2 என்று பிரிந்துவிடுகிறது. எண்ணை மாற்றும்போது மீதியை மாற்றாமல் வைத்துக்கொள்வதும் இந்த ஒழுங்கைக் காப்பதற்குத்தான். ஆனால் எதிரெதிரே பார்க்கும் வேறு டவர்களின் செல்களில் மீதி ஒத்துப்போவதை முழுவதும் தவிர்க்க முடியாது. மூன்றே மதிப்புகள்தாம் இருக்கின்றன, ஒரு செல்லுக்கு அண்டைகளோ அதைவிட அதிகம்.

இந்த விதியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். செல்லில் நெரிசல் குறைவாக இருக்கும்போதுதான் மீதி வேறுபட்டால் நன்மை தெளிவாகத் தெரியும். நெரிசல் மிகுந்த செல்லில் வழிகாட்டுச் சிக்னல் மேல் பக்கத்துச் செல்லின் வழிகாட்டுச் சிக்னல் விழாவிட்டால், அதன் தரவு வந்து விழும், இடையூறு போகாது. ஆகவே முன்னுரிமை தெளிவானது. மோதலும் குழப்பமும் கட்டாயம் தவிர்க்க வேண்டியவை. மீதி ஒத்துப்போவது இயன்றவரை தவிர்க்க வேண்டியது. மீதியை அழகாக வைத்துக்கொள்வதற்காகக் குழப்பத்துக்கு இடம் கொடுப்பது தலைகீழ் வேலை.

நாட்டெல்லையில்

ஒரு நிறுவனம் தன் எண்களை எவ்வளவு கவனமாகப் பங்கிட்டாலும், எல்லைக்கு அப்பால் அதே அலைவரிசையில் இயங்கும் அயல்நாட்டு நிறுவனம் அவளவில் தன் எண்களைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும். அலைக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை என்பதால் எல்லையோரத்தில் இரண்டும் மோதும். பல நாடுகள் நெருங்கிக் கிடக்கும் ஐரோப்பாவில் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்திருக்கிறார்கள். ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் கூட்டமைப்பான செப்ட் வெளியிட்ட பரிந்துரைப்படி 504 எண்களும் 84 எண்கள் கொண்ட ஆறு தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. இரண்டு நாடுகள் சந்திக்கும் எல்லையில் ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று தொகுதிகள், அதாவது 252 எண்கள். மூன்று நாடுகள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொகுதிகள், அதாவது 168 எண்கள். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய மூன்றும் தொட்டுக்கொள்ளும் பேசல் நகரம் போன்ற இடங்களில், நகர அடர்த்திக்கு நடுவே மூன்றில் ஒரு பங்கு எண்களை வைத்துத் திட்டமிட வேண்டியிருக்கிறது. எல்லையை விட்டு உள்ளே வர வர இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும்.

தானியங்கி முறையும் அதன் குருட்டுப்புள்ளியும்

4ஜியின் தரநிலைகளை வகுத்த 3ஜிபிபி அமைப்பு, வலையமைப்பு தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வசதியைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்தது. அதன்படி, மைய மேலாண்மைக் கணினி புதிய செல்லுக்கு ஓர் எண்ணை நேராகவே கொடுக்கலாம். அல்லது ஒரு பட்டியலைக் கொடுத்து, அண்டைகள் பயன்படுத்தும் எண்களை நீக்கிவிட்டு மிஞ்சியதில் ஒன்றை நிலையமே எடுத்துக்கொள்ளும்படி விடலாம். நிலையங்கள் ஒன்றோடொன்று தொடர்பு ஏற்படுத்தும்போது தங்கள் அண்டைகளின் எண்களையும் பரிமாறிக்கொள்கின்றன. அதனால் அண்டையின் அண்டையைப் பற்றியும் ஒரு நிலையம் அறிந்திருக்க முடிகிறது. குழப்பத்தைத் தவிர்க்க வேண்டியதும் அந்த அறிவுதான்.

அண்டைப் பட்டியலும் இவ்வாறே தானாக வளர்கிறது. கைபேசி ஒன்று பட்டியலில் இல்லாத எண்ணைத் தெரிவித்தால், நிலையம் அதன் முழு அடையாளத்தைப் படித்துவரச் சொல்லி, புதிய அண்டையைச் சேர்த்துக்கொள்கிறது. குருட்டுப்புள்ளி இருப்பது இங்கேதான். நம் எடுத்துக்காட்டில் கைபேசி தெரிவித்த 211 மையச் செல்லுக்கு ஏற்கனவே தெரிந்த எண். தெரியாத எண்ணுக்கு மட்டும் கேள்வி கேட்கும் முறை, தெரிந்த எண்ணுக்குக் கேள்வி கேட்காது. கிழக்குச் செல் பட்டியலில் சேராமலே போகும். பட்டியலைச் சோதிக்கும் மென்பொருளுக்கும் 211 ஒருமுறைதான் தென்படும். தவறான கைமாற்றங்கள் நாள்கணக்கில் தொடரும்.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள் பயன்படுகின்றன. தெரிந்த எண்களுக்கும் அவ்வப்போது சில கைபேசிகளைக் கொண்டு முழு அடையாளத்தைச் சரிபார்ப்பது ஒன்று. இரண்டாவது கட்டத்தில் மட்டும் கைமாற்றத் தோல்வி ஏறும் உறவுகளைத் தானாகவே தேர்ந்து, அவற்றை மட்டும் சரிபார்ப்பது மற்றொன்று. முதல் வழியில் கைபேசிகளின் நேரம் செலவாகிறது. இரண்டாவதில் சில அழைப்புகள் அறுந்த பிறகே விழிப்பு வருகிறது. அதனால் புதிய டவர் ஒன்று இயங்கத் தொடங்கும் முதல் சில நாட்களில் முதல் வழியையும், பிறகு இரண்டாவதையும் கடைப்பிடிப்பது பொருத்தமாக இருக்கும். புதிய செல் வந்து சேரும் தறுவாயில்தான் குழப்பமும் பெரும்பாலும் பிறக்கிறது.

5ஜியில் பிசிஐ எண்ணிக்கை இரட்டிப்பாக்கப்பட்டு 1008 ஆகியிருக்கிறது. அங்கே முதன்மைச் சிக்னல் மூன்று வகையாகவே நீடிக்க, துணைச் சிக்னலின் வகைகள் 336 ஆகியுள்ளன. ஆனால் 5ஜியில் உயர்ந்த அலைவரிசைகளில் இயங்கும் செல்கள் சிறியவை. ஒரே பரப்பில் அவற்றின் எண்ணிக்கையும் பெருகுகிறது. அதனால் எண்கள் கூடினாலும் வேலை குறையவில்லை. அண்டைக்குத் தன் எண்ணைக் கொடுக்காதிருப்பது, ஒரு செல்லின் இரண்டு அண்டைகளுக்கு ஒரே எண்ணைக் கொடுக்காதிருப்பது ஆகிய அதே இரண்டு விதிகளைக் கொண்டுதான் அங்கும் எண்கள் பங்கிடப்படுகின்றன.